ஜிமெயிலில் அழிந்த கடிதத்தைத் திரும்ப எடுப்பது எப்படி? 30 நாள் கணக்கும் அதற்குப் பிறகான வழிகளும்

வன்னியில் பலருக்கு ஈமெயில் தேவைப்படுவது எப்போதாவது ஒருமுறைதான். கனடாவில் இருக்கும் அண்ணன் அற்றோணித் தத்துவத்தை ஸ்கான் பண்ணி அனுப்புவார். வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலிருந்து நேர்முகக் கடிதம் வரும். மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில் முடிந்துவிடும். அதனால் ஒரு கடிதம் அழிந்தால் அன்றைக்கே தெரிய வராது. நொத்தாரிசு கேட்கிற நாளில்தான் தெரிய வரும். அதற்குள் சில வாரங்கள் ஓடியிருக்கும்.

இங்கே பெரும்பாலானோரின் கணக்கு ஜிமெயில் என்பதால் அதைத்தான் விரிவாகச் சொல்கிறேன். அவுட்லுக், யாகூ, பல்கலைக்கழகக் கணக்குகள் பற்றிக் கடைசியில் சுருக்கமாக வரும்.

முதலில்: சரியான கணக்கில்தான் தேடுகிறீர்களா?

கேட்கச் சின்ன விடயம்தான். ஆனால் "அழிந்துவிட்டது" என்று வருகிற கடிதங்களில் கணிசமானவை அழியவே இல்லை. போன் மாற்றும்போது பழைய பாஸ்வேர்ட் நினைவில் இல்லை என்று கொமினிகேசன் கடையில் புதிதாக ஒரு கணக்குத் திறந்து தருவார்கள். அடுத்த போனுக்கு இன்னொன்று. கடிதம் பழைய கணக்கில் இருக்கும், தேடுவது புதியதில். ஜிமெயில் செயலியில் வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டால் எந்த முகவரி என்று காட்டும். அனுப்பியவரிடம் "எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள்?" என்று கேட்டு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, கடிதம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கலாம். ஆண்ட்ரொய்ட் போனில் கடிதத்தின் மேல் விரலைப் பக்கவாட்டில் இழுத்தால், நீங்கள் எதையும் மாற்றியிருக்காவிட்டால், அது அழியாது. `Archive` ஆகும். அதாவது இன்பொக்ஸில் இருந்து மறையும், ஆனால் கணக்கில் அப்படியே இருக்கும். இடப்பக்கப் பட்டியலில் `All mail` என்பதைத் திறந்தால் அங்கே கிடக்கும். இப்படி ஒதுங்கிய கடிதத்துக்குக் கால எல்லை எதுவும் இல்லை.

கணக்கு சரியென்றால், ஒதுங்கியதையும் அழிந்ததையும் ஒரே தேடலில் பார்த்துவிடலாம். சாதாரணத் தேடல் குப்பைத் தொட்டிக்குள்ளும் ஸ்பாமுக்குள்ளும் பார்ப்பதில்லை. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெயரைப் போட்டுத் தேடி, ஒன்றும் வராததால் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். தேடல் பெட்டியில் இப்படி எழுதினால் எல்லா மூலைகளிலும் தேடும்:

```
in:anywhere from:annan@example.com
```

அந்த முகவரிக்குப் பதிலாக அனுப்பியவரின் முகவரியைப் போடுங்கள். முகவரி சரியாகத் தெரியாவிட்டால் பெயரின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் போட்டாலும் போதும். போன் செயலியிலும் இது வேலை செய்யும், ஆனால் டேட்டா இருக்க வேண்டும். இணைப்பு இல்லாதபோது செயலி தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் அண்மைய கடிதங்களை மட்டுமே பார்க்கும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் நின்று தேடிவிட்டு "இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

குப்பைத் தொட்டிக்குள் 30 நாள் எப்படி ஓடுகிறது

போனின் மொழி அமைப்பைப் பொறுத்து ஜிமெயிலின் குப்பைத் தொட்டி `Bin` என்றோ `Trash` என்றோ காட்டும். இரண்டும் ஒன்றுதான். அழித்த கடிதம் அங்கே 30 நாள் இருக்கும். பிறகு தானாகவே போய்விடும். ஸ்பாமுக்கும் அதே 30 நாள்தான்.

இந்த 30 நாள் கடிதம் வந்த திகதியிலிருந்து ஓடுவதில்லை. தொட்டிக்குள் விழுந்த நாளிலிருந்துதான் ஓடும். ஆனால் தொட்டியைத் திறந்தால் கடிதத்துக்குப் பக்கத்தில் தெரிவது அது வந்த திகதி. எப்போது அழித்தீர்கள், இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று ஜிமெயில் எங்கேயும் எழுதிக் காட்டாது. அதனால் ஆட்கள் இரண்டு பக்கமும் தவறுவார்கள். மூன்று மாதத்துக்கு முன் வந்த கடிதத்தை நேற்று அழித்துவிட்டு "மூன்று மாதமாயிற்று, இனிக் கிடைக்காது" என்று பாராமலே விடுவார்கள். அல்லது தொட்டிக்குள் கடிதத்தைக் கண்டதும் "இருக்கிறதுதானே, பிறகு எடுப்பம்" என்று விட்டு, அது நாளைக்குப் போகப் போவது தெரியாமல் இருப்பார்கள். கண்டால் அந்த நிமிடமே வெளியே எடுத்துவிடுங்கள்.

எடுப்பது இலேசு. தொட்டிக்குள் இணைப்புள்ள கடிதங்களை மட்டும் தேட:

```
in:trash has:attachment from:annan@example.com
```

போனில் கடிதத்தைத் திறந்து, மேலே இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, `Move to` போய் `Inbox` அல்லது `Primary` என்பதைத் தெரிவு செய்யுங்கள். கணினியில் கடிதத்துக்குப் பக்கத்திலுள்ள சிறு சதுரத்தில் சரி போட்டு, மேலே அம்புக்குறியுடன் இருக்கும் கோப்புறைச் சின்னத்தை அழுத்தி `Inbox` கொடுத்தால் சரி. பக்கத்திலேயே `Delete forever` என்று ஒன்று நிற்கும், போனில் தொட்டியின் மேற்பகுதியில் தொட்டியைக் காலியாக்கும் பொத்தானும் நிற்கும். இரண்டிலும் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்ட கடிதம் இன்பொக்ஸின் உச்சியில் வந்து நிற்காது. அது முதலில் வந்த திகதிக்குரிய இடத்தில் போய் உட்காரும். மார்ச் மாதக் கடிதமானால் மார்ச் வரை கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். "எடுத்தும் வரவில்லை" என்று மறுபடி தொட்டிக்குள் போய்த் தேடாமல், அனுப்பியவரின் பெயரைப் போட்டுத் தேடினால் உடனே தெரியும்.

ஒரே விடயத்தில் போய் வந்த பல கடிதங்களை ஜிமெயில் ஒரு கட்டாகச் சேர்த்து வைக்கும். அந்தக் கட்டில் ஒன்றை மட்டும் அழித்திருந்தால், கணினியில் மற்றதைத் திறக்கும்போது `1 deleted message in this conversation` என்று ஒரு வரி தெரியும். பக்கத்தில் `View message` இருக்கும். அதை அழுத்தினால் அழித்தது கண்ணுக்கு முன்னே வரும். போனில் முழுக் கட்டையும் அழித்தால், அதற்குள் நீங்கள் எழுதிய பதில்களும் சேர்ந்து தொட்டிக்குள் போகும். ஆகவே "என்னுடைய சென்ட்டில் இருக்கும்தானே" என்று நம்பியிருக்க முடியாது.

ஏன் பெரும்பாலும் முக்கியமான கடிதமே போகிறது

ஒரு கூகிள் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்கு போடுகின்றன. பிள்ளையின் சாமத்திய வீட்டுப் படங்களும் வீடியோக்களும் போட்டோஸில் ஏறினால் அந்த 15 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு ஜிமெயில் புதிய கடிதங்களை வாங்காது. அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். அப்போது யாராவது ஒருவர் "இடம் பிடிக்கிறதை அழிப்பம்" என்று தொடங்குவார். இடம் பிடிப்பது இணைப்புள்ள பெரிய கடிதங்கள்தான். ஸ்கான் பண்ணிய உறுதி, கடவுச்சீட்டுப் பக்கங்கள், பெர்மிட் படங்கள் எல்லாம் அந்தக் கூட்டத்திலேதான் இருக்கும்.

அழித்த பிறகும் இடம் குறையாது. தொட்டிக்குள் இருப்பதும் 15 ஜிபிக்குள்ளேயே எண்ணப்படும். "அழித்தேன், ஆனால் இன்னும் நிரம்பி இருக்கிறது" என்று பார்த்தவர் அடுத்ததாகத் தொட்டியையும் காலியாக்குவார். 30 நாள் காவல் அந்த இடத்தில் முடிந்துவிடும். என்னைக் கேட்டால், இடம் வேண்டுமென்றால் வீடியோக்களில் கை வைக்க வேண்டும். கடிதங்களில் கை வைத்து மிச்சம் பிடிப்பது சொற்பம்.

முரசுமோட்டை அக்காவின் கடிதங்கள்

முரசுமோட்டையில் ஓர் அக்கா. கனடாவில் இருக்கும் அண்ணனின் பங்குக் காணி தொடர்பாக மார்ச் 3ஆம் திகதி அண்ணனே மூன்று கடிதங்கள் அனுப்பினார். ஒன்றில் அற்றோணித் தத்துவத்தின் ஸ்கான், சுமார் 9 எம்பி. இரண்டாவதில் கடவுச்சீட்டும் பழைய பெர்மிட் படங்களும், 18 எம்பி. மூன்றாவது காணியின் எல்லைகளைக் காட்டும் பழைய வீடியோ, 60 எம்பிக்கு மேல். ஏப்ரல் 12ஆம் திகதி கணக்கு நிரம்பிவிட்டதால் மகன் பெரிய கடிதங்களை அழித்தான். இடம் குறையாததால் தொட்டிக்குள் போய் 10 எம்பிக்கு மேற்பட்டதை நிரந்தரமாக நீக்கினான். பிறகு இடம் போதுமென்று நிறுத்திவிட்டான். மே 6ஆம் திகதி நொத்தாரிசு ஸ்கான் பிரதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

வீட்டில் எல்லோரும் மார்ச் 3ஐ வைத்து எண்ணினார்கள். இரண்டு மாதம் தாண்டிவிட்டது, இனி அண்ணனிடம் மறுபடி கேட்க வேண்டியதுதான், அவரோ வேலை நேரத்தில் போன் எடுக்க மாட்டார் என்று கவலை. எண்ண வேண்டியது ஏப்ரல் 12ஐ. அதிலிருந்து 30 நாள் என்றால் மே 12. கையில் இன்னும் ஆறு நாள் இருந்தது. `in:trash` போட்டு அண்ணனின் முகவரியைத் தேடியதும் 9 எம்பிக் கடிதம் வந்தது. `Move to` கொடுத்து, இணைப்பைப் போனிலும் இறக்கி வைத்தாயிற்று.

18 எம்பிக் கடிதம் தொட்டியில் இல்லை. மகன் நிரந்தரமாக நீக்கியவற்றில் அது அகப்பட்டுவிட்டது. ஆனால் பிரிண்ட் எடுப்பதற்காக அக்கா அதைக் கொமினிகேசன் கடையின் முகவரிக்கு அனுப்பி இருந்தார். இது நம்மூரில் எல்லோரும் செய்வதுதான். கடைக்காரத் தம்பி தன் இன்பொக்ஸில் அக்காவின் முகவரியைத் தேடினார். கடிதம் இணைப்புகளோடு அப்படியே இருந்தது. (கடை இன்பொக்ஸில் நம் கடவுச்சீட்டுப் படம் மாதக்கணக்கில் கிடப்பது நல்லதில்லைதான். எடுத்து முடிந்ததும் அங்கே அழிக்கச் சொல்லுங்கள்.)

60 எம்பி வீடியோவின் கதை வேறு. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேற்பட்ட இணைப்பை அனுப்ப முடியாது. அதைவிடப் பெரியதானால் கோப்பு அனுப்புபவரின் டிரைவில் ஏறி, கடிதத்தில் அதன் இணைப்பு முகவரி மட்டும் வரும். அக்காவின் முகவரிக்கே பகிர்ந்திருந்ததால், கடிதம் போனாலும் கோப்பு போகவில்லை. போனில் டிரைவ் செயலியைத் திறந்து `Shared` பகுதிக்குள் பார்த்தபோது அண்ணனின் பெயரோடு வீடியோ இருந்தது. அண்ணன் தன் பக்கத்தில் அழிக்காதவரை அது இருக்கும்.

தொட்டியும் காலியானால்

முதலில் அனுப்பியவரைக் கேளுங்கள். நீங்கள் உங்கள் கணக்கில் எதை அழித்தாலும் அவருடைய `Sent` பெட்டியில் உள்ள பிரதி தொடப்படுவதில்லை. கூச்சப்பட்டுக்கொண்டு இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள், ஆனால் வேலை முடிவது பெரும்பாலும் இதில்தான். அலுவலகக் கடிதமானால் வந்த திகதியும் பொருள் வரியும் சொல்லிக் கேட்டால் அவர்களுக்கும் தேடுவது இலேசு.

இணைப்பை எப்போதாவது போனில் இறக்கிப் பார்த்திருந்தால், `Files` செயலியில் `Downloads` என்பதற்குள் அது தங்கியிருக்கலாம். கடிதத்தை அழித்தாலும் அந்தக் கோப்பு அழியாது. யாருக்காவது வாட்ஸ்அப்பில் தள்ளியிருந்தால் அந்த உரையாடலுக்குள்ளும் பாருங்கள்.

வீட்டில் அதே கணக்குப் போட்ட பழைய போன் ஒன்று அலுமாரிக்குள் கிடக்கிறதா? கடிதத்தை அழித்த நாளுக்குப் பிறகு அந்தப் போன் இணையத்தைத் தொட்டிருக்காவிட்டால், அதில் கடிதம் இன்னும் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் அவசரப்பட்டு ஓன் பண்ண வேண்டாம். சிம்மைக் கழற்றுங்கள். வீட்டு வைஃபையை நிறுத்துங்கள். அதன் பிறகு ஓன் பண்ணி, உடனே ஏரோபிளேன் மோடில் போட்டு, ஜிமெயிலைத் திறவுங்கள். இணைப்பு கிடைத்த மறுகணமே அந்தப் போனும் மற்றதைப் போல அழித்துவிடும். ஆண்ட்ரொய்ட் ஜிமெயிலில் அண்மைய கடிதங்களின் இணைப்புகளை வைஃபையில் தானாக இறக்கி வைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதனால் ஸ்கான் கோப்பும் திறக்கக்கூடும். திறந்தால் போனில் சேமித்து, புளூடூத்தில் அல்லது வயரில் மற்றப் போனுக்கு மாற்றுங்கள். திறக்காவிட்டாலும் கடிதத்தின் எழுத்துப் பகுதியை ஸ்கிரீன்ஷொட் எடுக்கலாம். லப்டொப்பில் அவுட்லுக் அல்லது தண்டர்பேர்ட் மென்பொருளில் அந்தக் கணக்கைப் போட்டிருந்தாலும் இதே முறைதான்.

கூகிளிடமே கேட்க ஒரு வழி உண்டு. ஜிமெயில் உதவிப் பக்கத்தில் `Gmail Message Recovery Tool` என்று தேடினால் ஒரு படிவம் வரும். அது உங்கள் அனுமதியில்லாமல் யாரோ கணக்குக்குள் புகுந்து கடிதங்களை அழித்திருந்தால் பயன்படுத்த வைத்தது. நீங்களோ மகனோ அழித்தது, 30 நாள் முடிந்து போனது என்றால் அதை நம்பியிருக்க வேண்டாம். புகுந்தார்கள் என்று சந்தேகமிருந்தால் பிந்தாமல் அனுப்புங்கள். அதற்கு முன் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

"கூகிளிடம் பிரதி இருக்கும்தானே?" என்று கேட்பார்கள். அழித்த தரவு தங்கள் கணினிகளில் இருந்து முழுதாக நீங்க வழக்கமாக இரண்டு மாதமளவு எடுக்கும் என்றும், காப்புப் பிரதிகளில் ஆறு மாதம் வரை இருக்கலாம் என்றும் கூகிளே சொல்கிறது. அது அவர்களின் இயந்திரம் பழுதானால் திருத்துவதற்கு. அதிலிருந்து ஒருவரின் ஒரு கடிதத்தைத் தேடி எடுத்துத் தருவதில்லை. "நான் எடுத்துத் தாறன், இவ்வளவு காசு" என்று யாராவது சொன்னால் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். தொட்டியில் இல்லாததை அவராலும் எடுக்க முடியாது.

யாரும் தொடாமல் திரும்பத் திரும்ப அழிந்தால்

அது வேறு வகை. ஒருவரின் கடிதம் மட்டும் வந்ததும் காணாமல் போகிறதென்றால், கணினியில் ஜிமெயிலின் `Settings` போய் `Filters and Blocked Addresses` பாருங்கள். அந்த முகவரிக்கு நேரே `Delete it` என்று ஒரு வடிகட்டி இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். தெரியாமல் போட்டதாகவும் இருக்கலாம், வேறு யாரோ போட்டதாகவும் இருக்கலாம். அதே `Settings` இல் `Forwarding and POP/IMAP` பகுதியில், கடையில் யாராவது கணக்கை மென்பொருளோடு இணைத்து, இறக்கியதும் மூலக் கடிதத்தை நீக்கும்படி விட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். இன்பொக்ஸின் அடியில் வலப்பக்கம் இருக்கும் `Details` என்பதை அழுத்தினால் கணக்கு அண்மையில் எங்கிருந்து திறக்கப்பட்டது என்று பட்டியல் வரும். கடைக் கணினியில் வெளியேறாமல் வந்தது இங்கேதான் பிடிபடும்.

மற்றக் கணக்குகளில் எவ்வளவு நாள்

ஹொட்மெயில், அவுட்லுக் கணக்குகளில் அழித்தது `Deleted Items` இல் 30 நாள் இருக்கும். அங்கிருந்தும் போய்விட்டால் இன்னொரு வாசல் உண்டு. கணினி உலாவியில் அந்தக் கோப்புறையைத் திறந்தால் மேலே `Recover items deleted from this folder` என்று தெரியும். அதற்குள் மேலும் 30 நாள் கிடைக்கும். பழைய யாகூ கணக்கு வைத்திருக்கும் பெரியவர்கள்தான் அவசரப்பட வேண்டும். யாகூவின் தொட்டி 7 நாளில் காலியாகத் தொடங்கும். மீட்டுத் தரும்படி யாகூவிடம் கேட்பதும் அழிந்து 7 நாளுக்குள்தான். ஐபோன்காரரின் ஐகிளவுட் கடிதங்களுக்கு வழக்கமாக 30 நாள்.

அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ படிக்கிற பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கணக்கு, திணைக்களக் கணக்கு போன்றவற்றில் ஒரு வசதி கூடுதலாக இருக்கலாம். அவற்றை நிர்வகிக்க ஓர் ஆள் இருப்பார். நிறுவனத்தின் கணக்கு கூகிள் வழியாக ஓடினால், தொட்டியிலிருந்தும் போன கடிதத்தை அந்த நிர்வாகி 25 நாளுக்குள் மீட்கலாம். மைக்ரோசொப்ட் வழியானால் நிர்வாகி எதையும் மாற்றியிருக்காதபோது 14 நாள், கூட்டி வைத்திருந்தால் 30 வரை. கணினிப் பிரிவுக்குப் போகும்போது எந்த நாளளவில் அழித்தீர்கள், யார் அனுப்பியது என்று எழுதிக்கொண்டு போங்கள். கூகிள் வழியானால் நிர்வாகி மீட்பது திகதி வரம்பை வைத்துத்தான். திகதி தெரியாமல் போனால் அவருக்கு வேலை கடினமாகும்.